இப்போது குத்தாலத்துக்குக் குடிவர முடியாது, அம்மா

திருப்பூர்
5.10.2025

அன்புள்ள அம்மாவுக்கு சுமதி எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, நிவேதா, சரண் எல்லோரும் சுகம். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

உன்னோடு இருக்க எங்களைக் குத்தாலத்துக்குக் குடிவரச் சொல்கிறாயே, போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன். சின்னம்மாவை வைத்துப் படிக்கச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே மெதுவாகப் படி. முழுக்கப் படித்த பிறகு திட்டு.

முதலில் ஒன்று. "மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் வந்து இருக்கக் கௌரவக் குறைச்சல்" என்று சின்னம்மாவிடம் சொன்னாயாம். அவர் மேல் அந்தப் பழி வேண்டாம். நீ கேட்ட அன்றே "போகலாமா, சொல்லு" என்றுதான் கேட்டார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது நான்தான்.

அந்தக் கணக்கு இதுதான். அவருக்கு மாதம் 26,000. எனக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போகக் கையில் 12,000. அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வட்ட மெஷினில் ஊசி உடைந்தால், துணியில் கோடு விழுந்தால், எந்த ஃபீடரில் கோளாறு என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த வேலைக்குத் திருப்பூரில்தான் மதிப்பு. மயிலாடுதுறையில் அப்படி மெஷின் எங்கே இருக்கிறது? அங்கே வந்தால் நாற்பத்து நான்கு வயதில் ஏதாவது பட்டறையில் கையாளாகத்தான் நிற்கவேண்டும். எனக்கு ஜவுளிக்கடையில் ஏழாயிரமோ எட்டாயிரமோ கிடைக்கலாம், அதுவும் பி.எஃப். இல்லாமல்.

"நாலு மா நிலம் இருக்கே" என்பாய். நாலு மா என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. நன்றாக விளைந்தால் அறுபது கிலோ மூட்டையாக நாற்பது மூட்டை, அதாவது 24 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் சாதா ரகத்துக்கு இந்த வருஷம் குவிண்டால் 2,500 ரூபாய், ஆக 60,000. உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மெஷின் எல்லாம் சேர்த்து 40,000 ஆகும் என்று கலியபெருமாள் மாமாவே சொல்கிறார். மிச்சம் இருபதாயிரம். குறுவையும் தாளடியும் இரண்டும் தப்பாமல் கைக்கு வந்தாலும் வருஷத்துக்கு 40,000, மாதத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். அறுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டும், மூட்டையை எடுக்கமாட்டார்கள், ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்பா ரயில்வேக்குப் போனதே அதனால்தானே? இப்போது மாமா குத்தகை நெல்லை ஒழுங்காக அளக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். கடைசியில் என்ன ஆகும் தெரியுமா, உன் பென்ஷனில் ஐந்து பேர் சாப்பிடுவோம். நீயும் முகம் சுளிக்கமாட்டாய், எங்களுக்கும் சோறு இறங்காது.

என் வேலையை "பனியன் கம்பெனி வேலைதானே, விட்டுட்டு வா" என்கிறாய். வீட்டுக்கே மருத்துவ அட்டை என் பேரில்தான் இருக்கிறது, அம்மா. அவர் சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. என்னுடையதில்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்கிறோம். சரணுக்கு வீசிங்குக்கு இழுக்கிற மருந்து மாதாமாதம் அதில்தான் வருகிறது. நான் வேலையை விட்டால் கட்டிய பணத்துக்குச் சில மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எனக்கு எட்டேகால் ஆகியிருக்கிறது. நடுவில் விட்டால் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு வேறு பி.எஃப். வேலையில் சேர்ந்து தொடரலாம்தான். குத்தாலத்தில் அந்த வேலையை எங்கே தேட?

குழுக் கடனும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்கியது. என் பங்கு மாதம் 3,000, அடுத்த ஆகஸ்டில் முடியும். நான் கிளம்பிவிட்டால் மற்ற பதினொரு பேர் தலையில் விழும். அவர்களும் என்னைப்போலத் தையல் மெஷினில் உட்காருகிறவர்கள்தான்.

பிள்ளைகள் படிப்பை நீ சுலபமாக நினைக்கிறாய். நிவேதா பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அதே குரூப் கிடைக்கவேண்டும், பாடம் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்கவேண்டும். இந்த நேரத்தில் அவளை அசைக்கவே மாட்டேன். சரண் ஐந்தாவது. அவன் படிப்பது தனியார் பள்ளியில், 25 சதவீத இலவச இடத்தில். எட்டாவது வரை ஃபீஸ் கிடையாது. ஆனால் அந்த இடம் எல்.கே.ஜி. மாதிரி ஆரம்ப வகுப்பில் சேரும்போதுதான் கிடைக்கும். இடையில் ஊர் மாறினால் அங்கே போய் ஆறாவதில் அதே சலுகையைக் கேட்க முடியாது. அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் அங்கே படித்தவள்தான். கையில் இருப்பதை மூன்று வருஷம் முன்னாடியே விடுவானேன் என்றுதான் பார்க்கிறேன்.

உன்னை இங்கே கூட்டிவந்தால் என்ன என்று கேட்கமாட்டாய், ஆனால் நினைப்பாய். மாடியில் லைன் வீடு. பதினேழு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். ஆறு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், இரண்டும் கீழே. நல்ல தண்ணீர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை. உன் முட்டிக்கு இது ஜெயில். பத்து நாள் வந்து இரு, அது வேறு.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களைக் கூப்பிடுவது போன மாதம் ராத்திரி கொல்லையில் விழுந்தாயே, அந்தப் பயத்தால்தான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பார். ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டாய், கரண்ட் போனது, ஒரு வாய் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தாய். ஊசி போட்டு அரைமணிக்குள் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் இறங்கும். அதனால் சாப்பாடு தட்டில் வந்த பிறகுதான் ஊசியைத் தொடு. வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் எழுந்து நடக்காதே. தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் சர்க்கரை டப்பாவும் வை. மூன்று டீஸ்பூன் கரைத்துக் குடி, கால்மணி கழித்து சர்க்கரை பார்க்கிற மெஷினில் பார். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னால் மட்டும்.

மருந்துப் புட்டியை ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குக் கீழே தட்டில் வைக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். அங்கே உறைந்துவிடும். உறைந்த மருந்தை இளக்கினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போடவேண்டியதுதான். கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வை. போடுவதற்கு முன் உள்ளங்கையில் பத்துத் தரம் உருட்டு, குலுக்காதே. பால்போல ஒரே மாதிரி கலங்க வேண்டும், கட்டி கட்டியாக நின்றால் போடாதே. சிரிஞ்ச் வாங்கப் பையனை அனுப்பினால் சிவப்பு மூடி என்று சொல்லி அனுப்பு. உன் புட்டி 40 யூனிட், அதற்கு சிவப்பு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. அதில் இருபது கோடு இழுத்தால் உனக்கு எட்டு யூனிட்தான் போகும், சர்க்கரை நானூறுக்கு ஏறும், ஏன் என்றே தெரியாது.

தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் 18ஆம் தேதி சனிக்கிழமை ஜன்சதாப்தியில் வருகிறோம். மத்தியானம் மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவோம். ஒரு வாரம் கம்பெனி லீவு. அவர் கொல்லை கக்கூஸில் மூன்றடி உயரத்தில் ஸ்டீல் பைப் பதித்து, மேற்கத்திய கோப்பை வைத்துத் தருகிறேன் என்று அளவெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார். கதவு அகலத்தை நூல் பிடித்து அளந்து மாமாவிடம் போனில் சொல்லச் சொல். பின்கட்டிலிருந்து அதுவரை விளக்கு போடப்போகிறோம், சுவிட்ச் உன் கட்டில் பக்கத்தில் வரும். ராத்திரி துணைக்குப் பக்கத்து வீட்டு விஜயா படுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். மாதம் 1,500 நான் அனுப்புகிறேன். அவளிடம் நீ பேரம் பேசாதே.

நவம்பர் மாதம் உயிர்ச் சான்று கொடுக்கவேண்டும். போன தடவை பாங்கில் ரேகை விழாமல் மூன்று முறை அலைந்தாய். இந்தத் தடவை தபால்காரரிடம் சொல், வீட்டுக்கே வந்து எடுப்பார், 70 ரூபாய். ஆதார், பென்ஷன் உத்தரவு நம்பர், பாஸ்புக், உன் போன் நான்கும் கையில் இருக்கட்டும். தேட முடியாது என்றால் நான் வந்திருக்கும்போது நம்பரெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். மாதம் தாண்டினால் பென்ஷன் நின்றுவிடும், அதை மட்டும் மறக்காதே. ரயில்வே மருத்துவ அட்டையையும் தேடி எடுத்து வை. முட்டியை ஒருமுறை பொன்மலை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம். வெளியில் எண்ணெய் தேய்க்கக் கொடுக்கிற காசு தண்டம்.

நிவேதா பரீட்சை முடிந்ததும் மயிலாடுதுறை ஞானாம்பிகை அரசு மகளிர் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிறேன் என்கிறாள். கிடைத்தால் உன்னோடு இருந்து பஸ்ஸில் போய்வருவாள். கோயம்புத்தூரிலும் போடுவாள். எங்கே என்பதை அவள்தான் முடிவு செய்யவேண்டும். "பாட்டிக்காக வா" என்று போனில் சொல்லி அவளைக் கட்டாதே. அவள் இளகின மனசுக்காரி, உடனே தலையாட்டிவிடுவாள்.

குழுக் கடன் அடுத்த ஆகஸ்டோடு முடிகிறது, சர்வீஸ் பத்து வருஷம் 2027இல் ஆகும். அப்போது திரும்பவும் உட்கார்ந்து பேசுவோம். வருகிறேன் என்று இப்போது வாக்குக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் நீ அதையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

கோபம் இருந்தால் போனில் திட்டு, ஆனால் எடுக்காமல் இருக்காதே. ராத்திரி எட்டரைக்கு நான் கூப்பிடும்போது சாப்பிட்டாயா, ஊசி எத்தனை மணிக்கு என்று இரண்டு மட்டும் சொன்னால் போதும். முறுக்குக்கு மாவு நீ அரைக்காதே, நான் இங்கேயே அரைத்துக் கொண்டுவருகிறேன்.

அன்பு மகள்,
சுமதி