கள ஆய்வறிக்கை: மழலையர் காப்பகம் இயங்கும் வாடகைக் கட்டடம்

ஆய்வு நாள்: நவம்பர் 12, காலை 9.30 முதல் மதியம் 1.15 வரை
கட்டடம்: தரைத்தளமும் முதல் தளமும், கான்கிரீட் தூண்-பீம் அமைப்பு, செங்கல் சுவர்கள்
வயது: உரிமையாளர் சொன்னபடி சுமார் 28 ஆண்டு. வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை.
பயன்பாடு: பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், 34 குழந்தைகள்
உடனிருந்தவர்கள்: காப்பக நிர்வாகி, உரிமையாளரின் மகன், காப்பக உதவியாளர் ஒருவர்
அறிக்கை கேட்டவர்: வாடகைதாரர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் கட்டடத்தின் நிலையை அறியக் கேட்டிருந்தார். இதன் நகல் உரிமையாளருக்கும் தரப்படுகிறது.

முதலில் படிக்க வேண்டியது

முதல் தளத்தில் குழந்தைகள் மதியம் தூங்கும் வடகிழக்கு அறையை இன்றே காலி செய்ய வேண்டும். மேல்தளக் கான்கிரீட்டின் அடிப்பகுதி கம்பியை விட்டுப் பிரிந்து நிற்கிறது. எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வு முடிந்து கிளம்புமுன் நிர்வாகியிடமும் உரிமையாளரின் மகனிடமும் இதை நேரில் சொன்னேன். பாய்களைக் கீழ்த்தளக் கூடத்துக்கு மாற்றி, அறையைப் பூட்டி, சாவியை நிர்வாகி வாங்கிக்கொண்டார். பழுது முடியும்வரை அந்தப் பூட்டு திறக்கக் கூடாது.

கட்டடம் முழுக்க ஆபத்தானது என்று இதற்கு அர்த்தமில்லை. தூண்கள் எட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எல்லாமே கணீரென்று ஒலித்தன. பீம்களில் விரிசல் இல்லை. தண்ணீர் நிற்கக் கூடாத இடத்தில் பல வருடமாக நின்றிருக்கிறது, கெட்டது அதனால்தான். அதைச் சரிசெய்தால் இந்தக் கட்டடம் இன்னும் பல காலம் உழைக்கும்.

1. வடகிழக்கு அறையின் மேல்தளம்

ஜன்னலுக்கு நேர் மேலே 70 × 40 செ.மீ. அளவுக்குப் பூச்சும் கான்கிரீட்டும் உதிர்ந்து மூன்று கம்பிகள் வெளியே தெரிகின்றன (படம் 1, 2). உதிர்ந்த இடத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். சுவரோரத்தில் திடமாக இருந்த ஒலி, நடுப்பக்கம் வர வரக் காலிப் பானையைத் தட்டுவது போல மாறியது. அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன்: 2.1 × 1.4 மீட்டர் (படம் 3). கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் போலப் பத்து மடங்கு இது.

கம்பிகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, காலிப்பர் வைத்து அளந்தேன் (படம் 4). 8 மி.மீ. கம்பிகள். இரண்டு 7.5 மி.மீ. அளவுக்கும் ஒன்று 6.4 மி.மீ. அளவுக்கும் தேய்ந்திருக்கின்றன. 8க்கும் 6.4க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தக் கம்பி 36 சதவீதப் பரப்பை இழந்துவிட்டது, மற்ற இரண்டும் சுமார் 12 சதவீதம். கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடாக்கு 9 முதல் 12 மி.மீ. தான் இருக்கிறது. 20 மி.மீ. இருந்திருந்தால் ஈரம் கம்பியை எட்ட இன்னும் பல வருடம் ஆகியிருக்கும்.

இரும்பு துருப்பிடித்தால் பழைய கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இதே இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை வெள்ளைப் பூச்சு வைத்து மூடியிருக்கிறார்கள். கீழே கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (படம் 5). ஈரத்தில் அது இளகிப்போகும். சிமெண்டைப் போலக் கம்பியைத் துருவிலிருந்து காக்கவும் காக்காது. அந்த வேலையைச் செய்தவரைக் குறை சொல்லி இப்போது பயனில்லை. ஆனால் மேலே தண்ணீரை நிறுத்தாமல் கீழே எதை அப்பினாலும் மீண்டும் உதிரும் என்பதை உரிமையாளர் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

2. மொட்டை மாடி

அந்த அறைக்கு நேர் மேலே, மழை பெய்து இரண்டு நாள் ஆன பிறகும், 3 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது (படம் 6). மழைநீர் வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றன. வடக்குப் பக்கத்து வாயில் இலைச்சருகுக்கு அடியில் குழந்தைகளின் சிறிய ரப்பர் பந்து ஒன்று இறுக்கமாகச் சிக்கியிருந்தது. பந்தை எடுத்ததும் தண்ணீர் சுழன்று இறங்க ஆரம்பித்தது (படம் 7).

அடைப்புதான் காரணம் என்று அதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் 12 மி.மீ. தண்ணீர் அப்படியே நின்றது. அப்புறம் மட்டக்குழாய் பிடித்துப் பார்த்ததில், தேங்கும் இடம் வடிகால் வாயைவிடத் தாழ்வாக இருப்பது தெரிந்தது. ஆக, வாட்டமே தவறு. பந்து அதை மோசமாக்கியது, அவ்வளவுதான். தளத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையிலான இணைப்பில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி 4 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது (படம் 8). தண்ணீர் உள்ளே போகும் வழி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பரிந்துரை (1, 2 இரண்டுக்கும் சேர்த்து)

வேலையின் வரிசை முக்கியம். வரிசை மாறினால் செலவழித்த பணம் வீண்.

முதலில் அறைக்குள் முட்டு கொடுக்க வேண்டும். முட்டு நிற்கும் நிலையில், சாக்பீஸ் எல்லைக்குள் தொங்கும் கான்கிரீட்டைக் கைச்சுத்தியலால் மட்டும் இறக்க வேண்டும். அடுத்து மொட்டை மாடி. பழைய மேற்பூச்சை அகற்றிவிட்டுத்தான் புதிய வாட்டம் போட வேண்டும், 100க்கு 1 என்ற அளவில். பழையதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது சுலபம் என்று கொத்தனார் சொல்லக்கூடும். பலம் குறைந்த தளத்தின் மேல் கூடுதல் எடை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவர் இணைப்பில் கலவையால் வளைவு வைத்து, நீர்த்தடைப் பூச்சைச் சுவரில் 30 செ.மீ. உயரம்வரை ஏற்ற வேண்டும்.

பிறகு வடிகால் வாய்களை அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் சோதிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை என்பதால், முட்டுகளை எடுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கீழே ஈரம் தெரியவில்லை என்றால், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு கம்பி வேலை.

கம்பியைச் சுற்றிலும், பின்புறமும் சேர்த்து, துருவில்லாத இரும்பு தெரியும்வரை கான்கிரீட்டை வெட்டித் துடைத்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். தேய்ந்த 6.4 மி.மீ. கம்பிக்குப் பக்கத்தில் புதிய 8 மி.மீ. கம்பி, நல்ல பகுதியில் இரு முனையிலும் 40 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி. வெட்டியபின் வேறு கம்பிகளும் கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அவற்றுக்கும் இதேதான். பாலிமர் கலந்த பழுதுக் கலவையைப் படிப்படியாக ஏற்றி, 7 நாள் நீராற்ற வேண்டும். கம்பி வெளியே தெரியும் நிலையில், மூடும் முன் என்னைக் கூப்பிடுங்கள். மூடிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

3. சமையலறை மின் இணைப்பு

இதுவும் அவசரம். அடுப்புக்கு மேல் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் பழுப்பேறி, ஒரு ஓரம் உருகியிருக்கிறது (படம் 9). உள்ளே போவது 1.5 சதுர மி.மீ. ஒயர், அதற்குக் காவலாக இருப்பது 32 ஆம்பியர் எம்சிபி. ஒயர் தாங்காத சுமையிலும் எம்சிபி விழாது, அதற்குள் ஒயர் சூடாகிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டடம் முழுவதற்கும் கிடையாது.

அந்த எம்சிபியை நான் அணைத்து, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் எம்சிபி பொருத்தி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்து, எர்த் சோதித்துச் சான்று தரும்வரை அதைப் போடக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் 11 பிளக் பாயிண்டுகள் இருக்கின்றன. மூடியுள்ள வகையாக மாற்றலாம், அதுவரை பிளக் மூடிகள் போதும்.

4. கீழ்த்தளச் சுவரில் ஓதம்

கழிப்பறைக்கு மறுபுறம், தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்துக்குப் பூச்சு உப்புப் பூத்துக் கொட்டுகிறது (படம் 10). தரையிலிருந்து ஏறும் ஓதம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றோம். முள் மெதுவாக நகர்ந்தது. கழிப்பறைக்குப் போகும் வால்வை மூடியதும் நின்றுவிட்டது. சுவருக்குள் பதிந்த குழாய் கசிகிறது. அந்தக் குழாயைக் கைவிட்டு, சுவருக்கு வெளியே புதிய குழாய் இழுப்பதே நல்லது. சுவர் காயச் சில வாரம் விட்டுப் பிறகு பூசலாம்.

5. மேற்குச் சுவர் விரிசல்

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், அகலம் 0.4 மி.மீ. (படம் 11). பெற்றோர்கள் அதிகம் பயந்தது இதைப் பார்த்துத்தான். காப்பக உதவியாளர் 14 மாதமாக அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் மாதத்தையும் எழுதிவந்திருக்கிறார் (படம் 12). முதல் மூன்று கோடுகளும் தனித்தனியாக இருக்கின்றன. அதற்குப் பிந்தையவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டன. பதினொரு மாதமாக விரிசல் நீளவில்லை. எந்தக் கருவியை வைத்தும் ஒரே காலையில் எனக்கு இது தெரிந்திருக்காது. அவருக்கு என் நன்றி. V வடிவில் வெட்டி நிரப்பினால் போதும். பென்சில் குறிகள் உள்ள இடத்தை மட்டும் மேலும் ஆறு மாதம் பூசாமல் விட்டு, கோடு போடுவதைத் தொடரச் சொல்லியிருக்கிறேன்.

6. மாடிப்படியும் பின்வாசலும்

கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 17 செ.மீ. இடைவெளி (படம் 13). ஒரு குழந்தை உடலை நுழைத்துவிடலாம். 10 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்படி இடையில் கம்பி வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதுவரை கெட்டி வலை கட்டி, மேலும் கீழும் சிறு கதவு போடுங்கள். பின்வாசல் பூட்டியிருந்தது. அதன் முன்னால் பழைய தொட்டில்களும் அடுக்கியிருந்தன (படம் 14). ஆய்வின்போதே அவற்றை அகற்றினோம். பூட்டுக்குப் பதில் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் வேண்டும்.

யார், எப்போது

இன்று: அறையைப் பூட்டுதல், சமையலறை எம்சிபி அணைத்தல். இரண்டும் முடிந்தன. 3 நாளுக்குள்: முட்டு கொடுத்தல் (உரிமையாளர்), படியில் வலை, பிளக் மூடிகள் (வாடகைதாரர்). 10 நாளுக்குள்: மின்வேலை, கழிப்பறைக் குழாய், பின்வாசல் தாழ்ப்பாள் (உரிமையாளர்). 60 நாளுக்குள்: மொட்டை மாடி, தளப் பழுது, கைப்பிடிக் கம்பி, விரிசல் நிரப்பல் (உரிமையாளர்). வடிகால் வாய்களுக்குச் சல்லடை மூடி போட்டு மாதம் ஒருமுறை சுத்தம் செய்வது வாடகைதாரர் பொறுப்பு. இந்தப் பிரிப்பு என் பரிந்துரை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி செய்யலாம், கால அளவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அஸ்திவாரம், சுவருக்குள் உள்ள மற்றக் குழாய்கள், அலுவலக அறையின் பொய்க்கூரைக்கு மேல்பகுதி ஆகியவை இந்த ஆய்வில் பார்க்கப்படவில்லை. பொய்க்கூரையின் இரண்டு பலகைகளைக் கழற்றி வைத்தால் அடுத்த வருகையில் பார்த்துவிடுவேன். முட்டு கொடுத்த மறுநாள் வருகிறேன். மேல்தளத்தில் நான் போட்ட சாக்பீஸ் கோட்டை அதுவரை யாரும் அழிக்க வேண்டாம்.

— கட்டடப் பொறியாளர்
இணைப்பு: படங்கள் 1 முதல் 14 வரை