பெரியப்பா, சின்னச் சின்ன பெங்காலியில் பதில் போடுங்கள்

பெரியப்பாவுக்கு வணக்கம். பெரியம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, ராத்திரியிலும் அனல்தான்.

தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குப் போகிறேன் என்று அப்பா சொல்லியிருப்பார். தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சி.எம்.சி.க்கு வரும் கொல்கத்தாக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும்தான். மேனேஜர் இந்தியை வைத்துச் சமாளித்துவிடுகிறார். நோயாளியோடு வரும் வயசான அம்மாக்கள் சிலருக்கு இந்தியும் வராது. அதனால்தான் பெங்காலி கற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த நீங்கள் இருக்க, நான் வேறு யாரிடம் போவேன்?

ஆனால் போன வாரம் நீங்கள் அனுப்பிய பதிலைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. ஒரு முழுப் பக்கம், அதுவும் பெங்காலி எழுத்தில்! எனக்கு இன்னும் எழுத்து பிடிபடவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கொஞ்ச நாளைக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் மூன்று, நான்கு வார்த்தை போதும். ரூம் காலியாக இருக்கிறது என்பதற்கு "கொர் காலி ஆச்சே", வாடகை எவ்வளவு என்பதற்கு "பாடா கொத்தோ" மாதிரி. தமிழ் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் அர்த்தத்தைப் போடுங்கள். புது வார்த்தை ஒரு பதிலுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். மரியாதையாகப் பேசும் "ஆப்னி" மட்டும் இப்போதைக்குப் போதும். "துமி", "துய்" எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், லாட்ஜில் யாரையும் வா போ என்று கூப்பிடப் போவதில்லை.

அப்புறம், எழுதியதையே வாய்ஸ் மெசேஜிலும் மெதுவாக இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். மூன்றுக்கும் "தின்", நாளுக்கும் "தின்" என்றுதான் தமிழில் எழுத முடிகிறது. "மூன்று நாள் தங்குவோம்" என்பதை என் நோட்டில் "தின் தின்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எது அழுத்தி வரும், எது மெலிந்து வரும் என்று காதால் கேட்டால்தான் தெரியும்.

நான் எழுதுவதில் எல்லாப் பிழையையும் திருத்த வேண்டாம், பெரியப்பா. அர்த்தம் மாறிப்போகிற இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

இப்போதைக்கு எனக்கு அவசரமாக வேண்டியது இவ்வளவுதான்: "ஆதார் அல்லது பாஸ்போர்ட் காட்டுங்கள்", "அடுப்புக்கும் சிலிண்டருக்கும் வாடகை தனி", "தண்ணீர் காலையில் வரும்", "டாக்டர் என்ன சொன்னார்?" கடைசிக் கேள்வியை ஆறுதலாகக் கேட்க வேண்டும், விசாரணை மாதிரி இருக்கக் கூடாது. அதற்கு எது சரியான பேச்சு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு வந்தவரைக்கும்: ஆமி பாங்ளா ஷிக்சி. ஆஸ்தே பொலுன். நான் பெங்காலி கற்றுக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போட்டால் உடனே பார்த்துவிடுவேன். அதற்கு முன்னால் கவுண்டரில் கூட்டம் இருக்கும்.