பொருள்: தொடங்காத சேவைகளுக்குப் பிடித்த கட்டணம்

ஈசூன், சிங்கப்பூர்
6 அக்டோபர் 2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயரிலுள்ள இரண்டாவது கைத்தொலைபேசி எண்ணை என் தாயார் பயன்படுத்துகிறார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பில்களில் அந்த எண்ணுக்கு வெளிநாட்டு ரோமிங் திட்டம் 15 வெள்ளி, விளையாட்டுச் சந்தா 6.90 வெள்ளி என்று மாதந்தோறும் சேர்த்திருக்கிறீர்கள். பொருள் சேவை வரியும் உள்ளடங்கிய மொத்தம் 65.70 வெள்ளி, ஜைரோ வழியாக ஏற்கெனவே போய்விட்டது.

இவ்விரண்டையும் நாங்கள் கேட்கவுமில்லை, தொடங்கவுமில்லை. அம்மா இந்த ஆண்டு ஜொகூர் பக்கம்கூடப் போகவில்லை. அவருடைய போனில் ரோமிங் அணைத்தே இருக்கிறது. உங்கள் பில்லிலேயே ரோமிங் பயன்பாடு பூஜ்யம் என்றுதான் போட்டிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர் விளையாட்டுச் சந்தா எடுத்தார் என்பதை நீங்களே நம்புவீர்களா?

நாங்கள் சம்மதித்ததாகப் பதிவு இருந்தால் தேதி, நேரத்தோடு அனுப்புங்கள். இல்லையென்றால் முழுத் தொகையையும் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். அடுத்த பில்லில் கழிப்பது வேண்டாம். இரு சேவைகளும் நீக்கப்பட்டதையும், இனி கட்டணம் வராது என்பதையும் எழுத்துபூர்வமாக உறுதிப்படுத்துங்கள். தொலைபேசியில் சொல்வது போதாது.

அக்டோபர் 20க்குள் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடுவேன். மூன்று பில்களின் நகல்களும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
மு. செல்வராணி