தை முகூர்த்தங்களுக்கான பரிசுக் கூடைகள்: விலையும் நாள் கணக்கும்

வணக்கம். நான் அல்சூரிலிருந்து சுமதி. கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பையும் பரிசுக் கூடையும் அந்தந்தக் குடும்பத்துக்கு ஏற்றபடி செய்து தருகிறோம். நீங்கள் எடுத்து நடத்தும் கல்யாணங்களுக்கும் செய்து தர விரும்புகிறேன்.

மாதிரிக்கு மூன்று விலை சொல்கிறேன். எல்லாம் ஒன்றுக்கான விலை, ஜிஎஸ்டி தனி.

தாம்பூலப் பை, ரூ.145: துணிப்பை, தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு லட்டு. குறைந்தது 100 பை. 10 நாள் போதும். பையில் மணமக்கள் பெயர் அச்சிட 18 நாள்.

அறைக் கூடை, ரூ.680: வெளியூரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு. கால் கிலோ நெய் மைசூர்பாகு, கைமுறுக்கு, சிக்கமகளூர் காபிப் பொடி, சந்தன சோப், சேஃப்டி பின், மண்டபத்துக்கு வழியும் முகூர்த்த நேரமும் அச்சிட்ட அட்டை. குறைந்தது 25. 12 நாள்.

சம்பந்தி வீட்டுக் கூடை, ரூ.1,950: சென்னபட்டணக் குங்குமச் சிமிழ், பித்தளைக் காமாட்சி விளக்கு, ரவிக்கைத் துணி, முந்திரி, பாதாம். குறைந்தது 10. இதற்கு மட்டும் 35 நாள் வேண்டும்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். சிமிழை வெட்பாலை மரத்தில் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். புடவை நிறத்துக்குப் பொருத்தமாகக் கேட்டால், ஒரு சிமிழ் செய்து காட்டி உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் மற்றவற்றைத் தொடங்குவோம். அவசரப்படுத்தினால் மூடி சரியாக உட்காராது. அப்படிப்பட்டதை மணப்பெண்ணின் அம்மா கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

வெற்றிலையை முந்தின நாள் காலைதான் பையில் வைப்போம், ஈரத்துணியில் சுற்றி. பலகாரம் கல்யாணத்துக்கு 2 நாள் முன்னால் போட்டது. அப்புறம், விமானத்தில் திரும்புகிறவர்களுக்குத் தேங்காய் வேண்டாம் என்பது என் கருத்து; பாதிப் பேர் அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே விலையில் காபிப் பொடி வைத்துத் தருகிறேன்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். தை முதல் முகூர்த்தம் என்றால் கார்த்திகை முடிவதற்குள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் நூற்றுக்குப் பத்து கூடினால் சமாளித்துவிடலாம், அதற்கு மேல் முடியாது. குறைப்பதானால் 7 நாள் முன்பு சொன்னால் போதும்.

முன்பணம் பாதி, மீதி பொருள் வந்து சேர்ந்ததும். கூடைகள் 100க்கு மேல் போனால் 8% குறைப்போம். நகரத்துக்குள் மண்டபத்தில் இறக்கித் தர ரூ.900, ஒயிட்ஃபீல்டு, கெங்கேரி பக்கம் ரூ.1,400. போக்குவரத்தை நம்ப முடியாது என்பதால் முந்தின நாள் பகல் 3 மணிக்குள் இறக்கிவிடுவோம். வாங்கி வைக்க மண்டபத்தில் உங்கள் ஆள் ஒருவர் இருந்தால் நல்லது.

தேதி, எண்ணிக்கை, ஒரு கூடைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மூன்றையும் இந்த எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மறுநாளே படத்தோடு விலை சொல்கிறேன். மாதிரிக் கூடை வேண்டுமென்றால் அனுப்புகிறேன், அதன் விலையை ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சுமதி
அல்சூர், பெங்களூரு