எதிர்க் கட்டடத்துக் கணக்கு

நாளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டுதான் வந்தேன்,
இரண்டு வாரம் என்றார்கள், அப்புறம் இன்னும் இரண்டு வாரம் என்றார்கள்,
தேதி சொல்கிறவர்களே தேதியைத் தள்ளிக்கொண்டே போகும்போது
நான் மட்டும் எதற்குக் கோடு கிழித்துக்கொண்டிருக்க வேண்டும்?
சரி என்று எதிர்க் கட்டடத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

நாற்காலி போட்டால் கால் நீட்ட இடமில்லாத பால்கனி இது.
துணி உலர்த்த மட்டும் வந்து போவேன்,
எதிரே இத்தனை ஜன்னல் இருப்பதே கண்ணில் பட்டதில்லை.
ஐந்து மாடி, மாடிக்கு நான்கு,
அதில் ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கிறது, ஆகப் பத்தொன்பது.

முதலில் திறப்பது மூன்றாம் மாடி இடது ஓரம்.
அங்கே ஒருத்தி, ஏழு தொட்டி.
ஆறுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், ஏழாவதைத் துடைக்கிறாள்
(அது பிளாஸ்டிக் என்பது என் சந்தேகம், ஆனாலும் எண்ணிக்கையில் உண்டு).

அடுத்து நான்காம் மாடிக்காரர்.
இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கசங்கிய அரைக்கால் சட்டை,
கணினி முன்னால் உட்கார்ந்து “கேக்குதா, நான் பேசறது கேக்குதா” என்று கத்துவார்.
இன்று காலை மட்டும் பதினோரு தடவை.
எனக்குக் கேட்கிறது சார், தெருவைத் தாண்டி நன்றாகவே கேட்கிறது.
கேட்காமல் என்ன, வண்டி இல்லை, ஹாரன் இல்லை,
பூமியின் அதிர்வை அளக்கும் கருவிகளில்கூட மனிதர்கள் போடும் இரைச்சல் குறைந்துபோனதாம்,
படித்தேன்,
இந்தத் தெருவில் குறைந்ததையெல்லாம் அவர் ஒருவரே ஈடுகட்டிவிடுகிறார்.

இரண்டாம் மாடியில் ஒரு பொடியன்.
கை கழுவ இருபது விநாடி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல,
ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழிய எண்ணுகிறான்,
பதினான்கு வரை ஒழுங்காக வந்து அங்கிருந்து நேரே பதினெட்டுக்குத் தாவுகிறான்,
“முதல்லேர்ந்து எண்ணு” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது.

கிழமை தெரிய வேண்டுமானால் கொடியைப் பார்த்தால் போதும்.
படுக்கை விரிப்பு காய்ந்தால் ஞாயிறு.
மற்ற ஆறு நாளுக்கும் வித்தியாசம் இல்லை.

கீழே தெருவில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள்.
வட்டத்துக்குள் நிற்பவர்களை ஒரு கணக்காகவும்
முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டவர்களை வேறு கணக்காகவும் எண்ணுகிறேன்,
கெட்ட பழக்கம்தான், விட முடியவில்லை.

ஆம்புலன்ஸை மட்டும் எண்ணுவதில்லை.
அந்தச் சத்தம் திரும்பினால் பத்தொன்பது ஜன்னலிலும் ஆள் வந்து நிற்கும்,
எந்த வாசலில் நிற்கிறதோ, எந்த வாசலில் நிற்கிறதோ என்று பார்க்கும்,
அது எங்களைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் போனதும்
மூச்சு விட்டதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுபோல
ஒவ்வொருவராக உள்ளே போவோம்.
அடுத்த தெருவிலும் ஜன்னல்கள் இருக்கின்றன.

இத்தாலியில் பால்கனியில் நின்று பாடினார்கள்,
எங்கெங்கோ மருத்துவமனையில் உழைப்பவர்களுக்காகக் கைதட்டினார்கள்,
நாங்களும் தட்டினோம், முதல் நாள் தெருவே அதிர்ந்தது.
நாளாக ஆகக் கைகள் குறைந்தன.
கடைசியில் ஒரு மாலை நானும் செடிக்காரியும் மட்டும் தட்டிக்கொண்டிருந்தோம்,
ஒருவரையொருவர் பார்த்தோம், யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல்
கொஞ்சம் கூடுதலாகவே தட்டினோம்.

ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பெரியவர்.
தினமும் முப்பது சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர்த் தொட்டியை ஒரு தொடு தொட்டுவிட்டுத் திரும்புவார்,
நான் விரல் மடக்குவேன்,
எனக்கு மாலை முடிவது சூரியனோடு இல்லை, அவருடைய முப்பதோடு.
இன்று இருபத்தெட்டில் படிக்கட்டுப் பக்கம் போனார்.
என்னால் தாங்க முடியவில்லை.
“ஐயா, இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு!”

இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை நாங்கள்.
அவர் நின்றார், தேடினார், என்னைக் கண்டுபிடித்தார்.
“நேத்து ரெண்டு கூட நடந்தேனேம்மா, அதைக் கழிச்சுக்கோ.”
நேற்று அந்த நேரம் நான் போனில் இருந்தேன், சாட்சி சொல்ல முடியாது.
நான்காம் மாடிக்காரர் தலையை நீட்டி, “இல்ல சார், நேத்தும் முப்பதுதான்” என்றார்,
செடிக்காரி “முப்பத்திரண்டு, நான் பார்த்தேன்” என்றாள்,
ஆக ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்,
“முப்பத்தாறு!” என்றான் பொடியன், அவன் எண்ணுகிற விதத்தில் அது வரக்கூடியதுதான்.

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்,
தொட்டி வரை நடந்தார்,
ஐந்து மாடிக்கும் எனக்கும் கேட்கும்படி அதை ஓங்கித் தட்டிவிட்டுச் சொன்னார்,
“இருபத்தொம்பது. எல்லாரும் எழுதிக்கோங்க.”