பணி எண் QC-AN-0325: மார்ச் 10 அன்று அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று அறிய

பெறுநர்: மனிதவளப் பிரிவு அலுவலர்
நகல்: வேலைவாய்ப்பு இணையதளத் தொழில்நுட்ப உதவிக் குழு
தேதி: 17 மார்ச் 2025, திங்கள்
இணைப்புகள்: 5

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வேலைவாய்ப்பு இணையதளத்தில் QC-AN-0325 என்ற எண்ணில் அறிவித்திருக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் பணிக்கு மார்ச் 10, திங்கள் மாலை 6.42 மணிக்கு விண்ணப்பித்தேன். இன்றுவரை விண்ணப்ப எண்ணும் வரவில்லை, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வரவில்லை. கடைசித் தேதி மார்ச் 21, வெள்ளி. அதற்குள் என் விண்ணப்பம் தங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் சான்றிதழ்களில் பெயர் M. Kayalvizhi என்று இருக்கிறது. இணையதளத்தின் Last Name கட்டம் ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. அதனால் தலைப்பெழுத்தை விரித்து Manickam என்று அங்கே இட்டிருக்கிறேன். சான்றிதழில் உள்ளபடி தேடினால் என் பெயர் கிடைக்காமல் போகலாம். Kayalvizhi Manickam என்றோ, இந்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டோ தேடினால் சரியாக இருக்கும். கணக்கு திறந்ததும் இதே முகவரியில்தான்.

தங்களிடமிருந்து எனக்குத் தெரிய வேண்டியவை இவை:

1. விண்ணப்பம் முழுமையாகப் பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால் அதன் எண் என்ன?
2. பாதியில் நின்றிருந்தால், நான் மறுபடி சமர்ப்பிக்கலாமா? அல்லது பழைய பதிவைத் தங்கள் பக்கம் நீக்கிய பிறகு அனுப்ப வேண்டுமா?
3. இணையதளக் கோளாறு வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கும் ஆவணங்களையே விண்ணப்பமாக ஏற்க முடியுமா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. ஒருவர் ஒரு பணிக்கு ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. முதல் பதிவு உள்ளே விழுந்திருந்து, நான் இரண்டாவதையும் அனுப்பிவிட்டால், இரட்டை விண்ணப்பம் என்று இரண்டுமே தள்ளப்படக்கூடும். ஆகவே சமர்ப்பிக்கும் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தவில்லை. தாங்கள் சொல்லும்வரை அழுத்தப்போவதும் இல்லை.

விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு இன்னும் இல்லாதிருந்தால், என்னைப் பற்றிச் சுருக்கமாக: வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். மாத்திரை தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் தர ஆய்வகத்தில் 4 ஆண்டு அனுபவம் உண்டு. எச்பிஎல்சி கருவியில் மருந்தளவு, மாசுப்பொருள் ஆய்வுகளும், மாத்திரை கரைதல் சோதனையும் அன்றாட வேலை. கருவி அளவுத்திருத்தப் பதிவேடுகளையும், வரம்பு மீறிய முடிவுகளுக்கான விசாரணை அறிக்கைகளையும் எழுதியிருக்கிறேன். அறிவிப்பில் கேட்டிருக்கும் கரைதல் சோதனை முறைச் சரிபார்ப்பு நான் விரும்பிச் செய்யும் வேலை. அதனாலேயே இந்தப் பணிக்கான விண்ணப்பம் நடுவழியில் தொலைந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்ப உதவிக் குழுவின் கவனத்துக்கு

கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

கணினியில் குரோம் உலாவி வழியாக விண்ணப்பித்தேன். படிவத்தில் ஆறு பக்கங்கள். ஐந்தாவது பக்கத்தில் நான்கு கோப்புகள் ஏற்றினேன்: சுயவிவரம் 214 கேபி, அனுபவச் சான்று 640 கேபி, புகைப்படம் 48 கேபி, பட்டச் சான்றிதழ் 1.8 எம்பி. ஒரு கோப்புக்கு வரம்பு 2 எம்பி. எதுவும் அதைத் தாண்டவில்லை. முதல் மூன்றுக்கும் பச்சை அடையாளம் விழுந்தது. பட்டச் சான்றிதழுக்கு மட்டும் 100% என்று காட்டியும் அடையாளம் விழவில்லை. ஆனால் அடுத்த பக்கத்துக்குப் போக இணையதளம் தடுக்கவில்லை. என் சந்தேகம் இந்தக் கோப்பின் மேல்தான்.

ஆறாவது பக்கத்தில் உறுதிமொழியில் குறியிட்டு Submit Application அழுத்தினேன். வட்டம் ஒரு நிமிடம்போலச் சுற்றியது. பிறகு வெள்ளைத் திரையில் இது மட்டும் வந்தது:

```
504 Gateway Timeout
```

முன்னால் நிற்கும் சர்வருக்குப் பின்னால் உள்ள சர்வரிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்பதே இதன் பொருள். விண்ணப்பம் சேமிக்கப்படவில்லை என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. தரவு உள்ளே போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பாமல் போயிருக்கலாம். எனவே சர்வர் பதிவுகளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பதிவுகள் UTC நேரத்தில் இருந்தால் 13:12-ஐ ஒட்டித் தேட வேண்டும்.

மறுபடி உள்நுழைந்தபோது My Applications பக்கத்தில் இந்தப் பணிக்கு நேரே In Progress என்று இருந்தது. இன்று காலையும் அப்படியேதான். சமர்ப்பித்தவற்றுக்கு Submitted என்று வரும் என உதவிப் பக்கம் சொல்கிறது. ஆனால் அனுப்பிய பிறகு பரிசீலனையில் இருப்பதையும் In Progress என்றே காட்டுகிறதா என்பது அங்கே இல்லை. இதை மட்டும் தெளிவுபடுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மின்னஞ்சல் என் பக்கம் தங்கிவிட்டதா என்றும் பார்த்துவிட்டேன். ஜிமெயிலில் கீழ்க்கண்டபடி தேடினேன். இது ஸ்பேம், குப்பைத்தொட்டி இரண்டையும் சேர்த்தே தேடும்.

```
in:anywhere QC-AN-0325
```

எதுவும் இல்லை. தங்கள் அனுப்புநர் முகவரியை வைத்துத் தேடியபோது, கணக்கு திறந்த அன்று வந்த வரவேற்பு மடல் மட்டும் கிடைத்தது. பின்னர் மார்ச் 11 அன்று கடவுச்சொல்லை மாற்றக் கோரினேன். அந்த மடல் அதே முகவரியிலிருந்து உடனே உள்பெட்டிக்கு வந்தது. ஆக, என் முகவரியில் எழுத்துப் பிழை இல்லை, தங்கள் மடல்களை ஜிமெயில் தடுக்கவும் இல்லை. உறுதிப்படுத்தும் மடல் அங்கிருந்து கிளம்பவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இணைத்திருப்பவை: மேலே சொன்ன நான்கு கோப்புகள், 504 பிழையும் In Progress நிலையும் நேரத்தோடு தெரியும் திரைப்பிடிப்புகள் ஒரே பிடிஎஃப்பாக. பட்டச் சான்றிதழைக் கறுப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்து 700 கேபிக்குக் குறைத்திருக்கிறேன். மறுபடி ஏற்றச் சொன்னால் இதையே ஏற்றிவிடுவேன்.

மார்ச் 19, புதன் மாலைக்குள் ஒரு வரி பதில் வந்தால், சமர்ப்பிக்க இரண்டு நாள் கையில் இருக்கும். இந்த மடலும் தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதால், பதில் வராவிட்டால் வியாழன் காலை 10.30 மணிக்கு அறிவிப்பில் உள்ள அலுவலக எண்ணில் அழைக்கிறேன். தாங்கள் அழைப்பதானால், விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணிலேயே பேசலாம். வார நாட்களில் மாலை 5 மணிக்குப் பிறகு எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
ம. கயல்விழி
பணி எண் QC-AN-0325, தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்