கல்லின் சத்தம்

செல்விக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு அன்றைக்கு நாலாவது நாள். குழாயடியில் பாசி வழுக்கிவிட்டது, விழும்போது கையை ஊன்றியதில் எலும்பு விட்டுவிட்டது. 6 வாரத்துக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் இட்லி வாங்கி வந்தேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அவள் அதைக் கொத்திக் கொத்தித் தின்றதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னலைப் பார்த்தபடி, "சூடா ஒரு தோசை இருந்தா நல்லாருக்கும்" என்றாள். பார்சல் தோசை வீடு வந்து சேர்வதற்குள் தொய்ந்து போய்விடும். நானே சுடுகிறேன் என்றேன்.

எனக்கு வயது 61. திண்டுக்கல்லில் பஸ் டெப்போவில் 33 வருஷம் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனேன். அடுப்பில் வெந்நீரைத் தவிர வேறு எதையும் நான் வைத்தது கிடையாது. வீட்டில் இருந்த நேரம் குறைவு, இருந்தபோது சாப்பாடு தானாகத் தட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மாவு ஆட்டினேன். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பந்து மாதிரி பொங்கி வரும்வரை கிரைண்டர் பக்கத்திலேயே நின்றேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னாள், மிதந்தது. "அது போதும், எடுத்துருங்க" என்றாள். அப்புறம் அரிசி, கொஞ்சம் கரகரப்பாக. கல் உப்பைப் போட்டு முழங்கை வரை மாவாகக் கலக்கி மூடி வைத்தேன். அளவு சொன்னால் எனக்குப் பிடிபடும், அதில் எனக்குப் பயம் இல்லை.

அவள் தூங்கிய பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தோசைக்கல்லை எடுத்து வைக்கலாம் என்று மேடைக்குக் கீழே கைவிட்டேன். நல்ல கனமான இரும்புக்கல். 1989இல் எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா சீர் சாமான்களோடு கொடுத்தது. ஓரமெல்லாம் கறுப்பாக, தடவினால் விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. டெப்போவில் ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் முதலில் கரியைச் சுரண்டி, டீசலில் அலசி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் மற்ற வேலை. அந்தக் கையோடு கல்லை எடுத்துச் சோப்பு போட்டு, கம்பி நாரை வைத்து முக்கால் மணி நேரம் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நடுவில் இரும்பு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. காலையில் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஹாலில் அவள் நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு உட்கார வைத்தேன். அங்கிருந்து அடுப்பு தெரியாது. "தெரிய வேண்டாம், நீங்க ஊத்துங்க" என்றாள்.

கல்லை வைத்து, எண்ணெய் விட்டு, ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றி, அவள் செய்வது போலவே வட்டமாக இழுத்தேன். முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மாவு கல்லில் நிற்காமல் கரண்டியோடு சுருண்டு வந்தது, நடுவில் ஒரு இடம் வழித்தது மாதிரி ஆகிவிட்டது. அதை மூட இன்னும் கொஞ்சம் மாவை வைத்தேன். ஓரம் சிவந்தது போலத் தெரிந்ததும் தோசைத் திருப்பியை உள்ளே விட்டேன். போகவில்லை. இன்னொரு பக்கம் விட்டேன், ஒரு இணுக்கு மட்டும் கிழிந்து வந்தது. வால்வு ஒட்டிக்கொண்டால் பக்குவமாக நெம்புவோமே, அப்படி நாலு பக்கமும் நெம்பிப் பார்த்தேன். மேல்பாகம் சுருக்கம் சுருக்கமாகத் திருப்பியில் ஏறியது, அடிப்பாகம் அப்படியே கல்லில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் தீயும் வாசனை. எடுத்ததெல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி இருக்கும், பாதி வெந்தது, பாதி பச்சை.

33 வருஷம் எத்தனையோ வண்டி மக்கர் பண்ணியிருக்கிறது, ஒரு நாளும் எனக்குக் கை நடுங்கியதில்லை. அன்றைக்கு நடுங்கியது. பசியோடு ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் காரணம்.

"என்னங்க" என்றாள் அங்கிருந்து. "கல்லைத் தேச்சீங்களா?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சுரண்டும் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"ராத்திரி... அழுக்கா இருந்துச்சுன்னு..."

"சோப்பு போட்டா?"

"கம்பி நாரும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அழுக்கு இல்லீங்க" என்றாள். "எங்கம்மா இதை எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் சுட்டுப் பழக்கிக் குடுத்துச்சு. புதுக்கல்லுல எம்பொண்ணு கஷ்டப்படக் கூடாதுன்னு."

இதை 36 வருஷத்தில் அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, கல்லைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இடது கை விரலால் நடுவில் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஓரத்தைத் தடவினாள். ஓரத்தில் கறுப்பு இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது, அங்கே நான் அவ்வளவு அழுத்தித் தேய்க்கவில்லை.

"சரி, விடுங்க. மறுபடி பழக்கிக்கலாம். அரிசி கழுவின தண்ணி இருக்கா?"

மத்தியானச் சோற்றுக்கு அரிசியைக் களைந்து, அந்தத் தண்ணீரில் கல்லை அலசினேன். அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினேன். புகை வரும்வரை காய வேண்டும், அப்புறம் அணைத்து ஆறவிட வேண்டும், மறுபடி தடவ வேண்டும். மூன்று தடவை. ஏன் என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாள்: எண்ணெயை இரும்பு குடிக்கணும், சூட்டுல அது காஞ்சு தோல் மாதிரி படியணும், அந்தத் தோலுக்கு மேலதான் தோசை வேகுது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ரீபோர் பண்ணிய இன்ஜினை அன்றைக்கே மலையேற்ற மாட்டோம். ரிங்கும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்டுவோம், புதுப் பையன்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. இவள் சொல்வதும் அதுதான். இதைச் செல்வியிடம் சொன்னேன். "அப்படியா, உங்க வண்டியிலயும் இது உண்டா" என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். வேலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கடைசியாக ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, எண்ணெயோடு கறுகும்வரை கல் முழுக்கப் புரட்டச் சொன்னாள். அதைத் தள்ளிவிட்டு, இன்னொரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள் கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. நடுவில் ஒரு டம்ளர் பால் கொடுத்தேன், வேறு எதுவும் அவள் சாப்பிடவில்லை.

"தண்ணி தெளிங்க" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

தெளித்தேன்.

"இன்னும் காயலை."

கொஞ்சம் பொறுத்துத் தெளித்தேன். சொட்டு சொட்டாக முத்து மாதிரி கல்லில் உருண்டு ஓடியது.

"ரொம்பக் காஞ்சிருச்சு, தணிச்சு வைங்க. ஊத்தினா மாவு கரண்டியோட வந்துரும்."

மூன்றாவது தடவை சுர்ரென்று ஒரே சத்தத்தில் தண்ணீர் மறைந்தது. "இப்ப ஊத்துங்க. மெல்லிசா இழுக்க வேணாம், இன்னிக்குக் கனமாவே இருக்கட்டும்."

டெப்போவில் பானெட்டைத் திறக்காமலே, நின்ற இடத்திலிருந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டு டேப்பெட் லூஸ் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்காக எனக்கு ஒரு பேர் இருந்தது. இவள் என்னைவிட மேல் என்று நான் மனதாரச் சொல்வேன், ஒரு சுவரே நடுவில் இருந்தது.

மாவை ஊற்றினேன், இழுத்தேன், ஓரத்தில் எண்ணெய் விட்டேன். திருப்பியை எடுத்தேன்.

"தொடாதீங்க. சத்தத்தைக் கேளுங்க."

குனிந்து கேட்டேன். முதலில் சொய்யென்று அடர்த்தியாக இருந்தது. ஈரம் குறையக் குறைய அது மெலிந்தது, இடையிடையே விட்டுவிட்டு ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு மட்டும் மிஞ்சியது. அப்போது ஓரம் ஒரு நூல் அளவு கல்லைவிட்டுத் தானாக எழும்பியது. நான் கையை வைக்கவே இல்லை.

"இப்ப" என்றாள்.

திருப்பி பாதிவரை வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒரு இடத்தில் பிடித்தது, நான் அதிகம் தேய்த்திருந்த இடம் அது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். மற்றபடி தோசையாகவே வந்தது. இரண்டாவதில் கிழிசல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குறைந்தது. மூன்றாவது முழுசாக வந்தது, அடியில் அங்கங்கே வெளுப்பும் சிவப்புமாக, கொஞ்சம் தடிமனாக. அதைத் தட்டில் போட்டு, பொடியும் நல்லெண்ணெயும் வைத்துக் கொண்டுபோனேன்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் தோசையின் ஓரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். இடது கையை எடுத்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். ஸ்பூனை வைத்துத் தோசையைச் சாப்பிட முடியாது, இடது கையால் எடுத்துச் சாப்பிட அவளுக்கு மனசு வராது.

நான் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து கிழியாமல் எடுக்கப் பாடுபட்ட தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்தேன். முதல் துண்டைப் பொடியில் தொட்டு வாயருகில் கொண்டுபோனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள். இரண்டாவது துண்டை மெல்லும்போது தலையைச் சமையலறைப் பக்கம் சாய்த்தாள்.

"அடுப்பை அணைக்காம வந்துட்டீங்க. கல் காஞ்சிருச்சு பாருங்க, போய் அடுத்ததை ஊத்துங்க. அது உங்களுக்கு."